பட்டறைக்கு மெஷின் லீஸ் எடுக்கும் முன்: எஞ்சிய மதிப்பும் லீஸ் முடிவும் மலையில் எப்படிக் கணக்காகும்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் தேயிலை ஃபேக்டரிகளுக்கு ஷாஃப்ட், புஷ், புல்லி கடைந்து கொடுக்கும் சிறு லேத் பட்டறைக்காரருக்காக இது எழுதப்பட்டது. பழைய லேத்தோடு ஒரு சிஎன்சி லேத் சேர்க்க வேண்டும், மொத்தப் பணத்தைப் போட முடியாது, ஏஜெண்ட் ஒருவர் லீஸ் கொட்டேஷனோடு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் காட்டுவது மாத வாடகையை மட்டும்தான். உங்களுக்கு லாபமா நட்டமா என்பதைத் தீர்மானிக்கும் எண் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும்: லீஸ் முடியும் நாளில் அந்த மெஷினுக்கு வைத்திருக்கும் எஞ்சிய மதிப்பு. கம்பெனிக்காரர்கள் இதை 'ரெசிடுவல்' என்பார்கள். மெஷினைக் கோயம்புத்தூருக்கு இறக்கிக் கொடுக்க வேண்டிய மலைப் பட்டறைக்கு இந்த எண்ணின் கனம் சமவெளிப் பட்டறையைவிட அதிகம். கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் கோயம்புத்தூர் என்று வரும் இடத்தில் மதுரை அல்லது திண்டுக்கல் என்று வைத்து வாசிக்கலாம்.

கணக்குக்கு ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி சேர்க்காமல் ரூ.12,00,000 விலையுள்ள மெஷின், 36 மாதம், ஆண்டு வட்டி 15 சதவீதம். விலையும் வட்டியும் கணக்குக்காக வைத்த எண்கள். உங்கள் கொட்டேஷனில் உள்ளதை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

1. கையில் இருப்பது லீஸா, தவணைக் கொள்முதலா என்று பாருங்கள்

கடனில் வாங்கினால் மெஷின் முதல் நாளே உங்களுடையது, வங்கிக்கு அடமானம். தவணைக் கொள்முதலில் கடைசித் தவணை கட்டியதும் மெஷின் உங்கள் பெயருக்கு வரும் என்று ஒப்பந்தமே சொல்லும். லீஸில் மெஷின் முழுக்காலமும் கம்பெனியுடையது. நீங்கள் கட்டுவது வாடகை. தேய்மானத்தைக் கம்பெனி தன் வரிக் கணக்கில் எழுதும், நீங்கள் வாடகையைச் செலவாக எழுதுவீர்கள்.

இந்த வேறுபாட்டுக்குள்தான் முதல் பொறி. "மூணு வருஷம் கட்டுங்க, கடைசியில மெஷினை உங்களுக்கே கொடுத்துடுவோம்" என்று ஏஜெண்ட் வாயால் சொல்வார். ஒப்பந்தத்தைத் திறந்தால், லீஸ் முடிந்ததும் மெஷினைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று மட்டும் இருக்கும். இதற்குக் காரணம் உண்டு. முழுத் தொகையும் கட்டியதும் பொருள் கைமாறும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், ஜிஎஸ்டி சட்டம் அதை வாடகைச் சேவையாகப் பார்க்காது, பொருள் விற்பனையாகவே பார்க்கும். கம்பெனியின் தேய்மான உரிமையும் கேள்விக்குள்ளாகும். அதனால் பல கம்பெனிகள் உங்களுக்கு விற்கும் வாக்கை ஒப்பந்தத்தில் எழுதத் தயங்குவார்கள்.

தயங்கினாலும் ஏதாவது ஓர் எழுத்து வாங்காமல் விடக் கூடாது. "லீஸ் முடிவில் மெஷினை விற்க நினைத்தால், வெளியாருக்கு விற்கும் முன் இன்ன விலைக்கு மேற்படாமல் உங்களுக்கு முதல் வாய்ப்புத் தரப்படும்" என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில், கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் தரும் தனிக் கடிதம் போதும். ஏஜெண்டின் வாட்ஸ்அப் செய்தி அதற்கு ஈடாகாது. மூன்று ஆண்டு கழித்து அதே ஏஜெண்ட் அதே கம்பெனியில் இருப்பார் என்று எண்ண வேண்டாம்.

2. வாடகையை நீங்களே போட்டுப் பாருங்கள்

லீஸ் வாடகை என்பது, இன்றைய விலைக்கும் கடைசியில் எஞ்சும் மதிப்புக்கும் இடையில் நீங்கள் தின்று தீர்க்கும் பகுதி, அதோடு முழுத் தொகைக்கும் வட்டி. எஞ்சிய மதிப்பை உயர்த்தி வைத்தால் வாடகை குறைவாகத் தெரியும். போனில் இருக்கும் எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் இந்த ஒரு வரி போதும். கடைசியில் வரும் 360000 என்பது எஞ்சிய மதிப்பு, அதாவது விலையில் 30 சதவீதம்.

```
=PMT(15%/12, 36, -1200000, 360000)
```

விடை மாதம் ரூ.33,619. எஞ்சிய மதிப்பை 10 சதவீதமாக, 120000 என்று மாற்றினால் ரூ.38,939. பூஜ்யம் என்றால் ரூ.41,598. கொட்டேஷனில் வாடகை மாத முன்பணமாக இருந்தால் அடைப்புக்குள் கடைசியாக ஒரு காற்புள்ளியும் 1-ம் சேர்த்துப் போடுங்கள். வாடகை சற்றுக் குறைந்து வர வேண்டும்.

ரூ.41,598-க்குப் பக்கத்தில் ரூ.33,619-ஐ வைத்தால் மாதம் எட்டாயிரம் மிச்சம் போலத் தெரியும். மெஷினைக் கடைசியில் வாங்கிக்கொள்வதாக வைத்து முழுத் தொகையையும் கூட்டிப் பாருங்கள். எஞ்சிய மதிப்பு பூஜ்யமானால் மொத்தம் சுமார் 14.98 லட்சம். 10 சதவீதமானால் 15.22 லட்சம். 30 சதவீதமானால் 15.70 லட்சம். பணம் கம்பெனியிடம் தாமதமாகத் திரும்புகிறது, அதற்கு வட்டி நீங்கள்தான் கட்டுகிறீர்கள். மூன்று ஆண்டில் மெஷினை விட்டுவிடுவேன் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு உயர்ந்த எஞ்சிய மதிப்பு நல்லது: 12.10 லட்சம் வாடகையோடு முடிந்துவிடும். பத்து ஆண்டு ஓட்டப்போகிறவர் குறைந்த எஞ்சிய மதிப்பையே கேட்க வேண்டும். சிஎன்சி லேத் வாங்கும் சிறு பட்டறைகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்தது டெபாசிட். கம்பெனி 10 சதவீதம், அதாவது ரூ.1,20,000 வட்டியில்லாத டெபாசிட் கேட்டால், உங்களுக்கு உண்மையில் கிடைத்தது 12 லட்சம் அல்ல, ரூ.10,80,000. 36 மாதம் முடிவில் எஞ்சிய மதிப்பில் டெபாசிட்டைக் கழித்து ரூ.2,40,000 கட்டுகிறீர்கள். உண்மை வட்டி எவ்வளவு என்று இப்படிப் பார்க்கலாம்:

```
=RATE(36, -33619, 1080000, -240000)*12
```

விடை 17.4 சதவீதம் சுமாருக்கு வரும். 15 என்று சொன்னது டெபாசிட் ஒன்றினாலேயே 17.4 ஆகிவிட்டது. ப்ராசஸிங் ஃபீஸ் இருந்தால் அதையும் 1080000-இலிருந்து கழித்துப் போடுங்கள். இரண்டு கம்பெனிகளை ஒப்பிட இந்த எண் ஒன்றுதான் நேர்மையான அளவுகோல். கொட்டேஷனில் 'ஆயிரத்துக்கு மாதம் இவ்வளவு' என்று காட்டுவதை வைத்து ஒப்பிடாதீர்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சரிபாருங்கள். லேத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், வாடகைக்கும் அதே 18. கம்பெனி மெஷினை வாங்கும்போது கட்டும் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளும். எனவே வாடகையை ரூ.12,00,000-க்குத்தான் கணக்கிட வேண்டும். ஜிஎஸ்டியோடு சேர்த்த ரூ.14,16,000-க்கு வாடகை போட்டு, அந்த வாடகைக்கு மேல் மறுபடி 18 சதவீதம் போட்டிருந்தால் ஒரே வரியை இரண்டு முறை கட்டுகிறீர்கள். இது தவறுதலாகவும் நடக்கும். கேட்டால் திருத்திக் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் அப்படியே போய்விடும்.

உங்கள் பட்டறை ஜிஎஸ்டியில் சாதாரணப் பதிவில் இருந்தால் வாடகை மீதான ரூ.6,051-ஐ மாதாமாதம் உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். காம்பொசிஷன் திட்டத்தில் இருந்தாலோ, பதிவே இல்லாவிட்டாலோ எடுக்க முடியாது. 36 மாதத்தில் ரூ.2.17 லட்சத்துக்கு மேல் கையை விட்டுப் போகும். அப்படிப்பட்டவர் வாடகையை ரூ.39,670 என்று வைத்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

3. எஞ்சிய மதிப்பு எந்த ஊரில் அளக்கப்படுகிறது, யார் தலையில் விழுகிறது என்று கேளுங்கள்

ஒப்பந்தத்தில் எஞ்சிய மதிப்பு மூன்று வேடங்களில் வரும். ஒன்று, நிலையான தொகை: விருப்பமிருந்தால் அந்தத் தொகையைக் கட்டி மெஷினை எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விடலாம். இரண்டு, அன்றைய சந்தை விலை: லீஸ் முடியும் நாளில் என்ன போகுமோ அது. மூன்றாவதுதான் ஆபத்தானது: நீங்கள் உத்தரவாதம் கொடுத்த எஞ்சிய மதிப்பு. மெஷின் அந்தத் தொகைக்குக் குறைவாக விற்றால் மீதியை நீங்கள் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் 'உத்தரவாதம்', 'கேரண்டீட் ரெசிடுவல்', 'ஷார்ட்ஃபால்' என்ற சொற்களில் ஏதாவது கண்ணில் பட்டால் அந்தப் பத்தியை வக்கீலிடமோ ஆடிட்டரிடமோ காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மலையில் இது எப்படி அடிக்கும் என்று பாருங்கள். எஞ்சிய மதிப்பு ரூ.3,60,000-க்கு உத்தரவாதம் கொடுத்திருக்கிறீர்கள். மூன்று ஆண்டு கழித்துக் கோயம்புத்தூர் யார்டில் மெஷின் ரூ.2,90,000-க்கு விலை போகிறது. மெஷினைக் கழற்றி, ஹைட்ரா கிரேன் வைத்துத் தூக்கி, லாரியில் மலையிறக்கிய செலவு ரூ.60,000 என்று கம்பெனி கழிக்கிறது. கையில் நிற்பது ரூ.2,30,000. உங்களுக்கு வரும் பில் ரூ.1,30,000, அதற்குமேல் வரி. அதே மெஷின் பீளமேட்டில் ஒரு பட்டறையில் இருந்திருந்தால் ஏற்றுக்கூலி கொஞ்சம்தான், பில்லும் அதற்கேற்பக் குறைந்திருக்கும். விலை ஏறி ரூ.4,50,000-க்கு விற்றால்? ஒப்பந்தம் ஒன்றும் சொல்லாவிட்டால் கூடுதல் தொகை முழுவதும் கம்பெனிக்கே. இறங்கினால் உங்கள் நட்டம், ஏறினால் அவர்கள் லாபம் என்ற இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளவே வேண்டாம். உத்தரவாதம் இல்லாமல் முடியாது என்றால், கூடுதலில் பாதியாவது உங்களுக்கு என்று எழுதி வாங்குங்கள்.

சந்தை விலை முறையானால் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். மதிப்பிடுபவர் யார்: கம்பெனி தன் ஆளை அனுப்புவதா, இரு தரப்பும் ஏற்கும் பட்டயப் பொறியாளரா? மதிப்பு எந்த இடத்தில்: உங்கள் பட்டறையில் நிற்கும் நிலையிலா, சமவெளி யார்டில் இறக்கிய நிலையிலா? உச்சவரம்பு எவ்வளவு: "விலையில் 20 சதவீதத்துக்கு மேல் போகாது" என்ற ஒரு வரி இருந்தால் பிறகு தகராறு வராது.

4. திருப்பிக் கொடுக்கும் இடத்தைப் பேரம் பேசுங்கள்

அச்சடித்த ஒப்பந்தங்களில் பொதுவாக, லீஸ் கம்பெனி சொல்லும் இடத்துக்கு லீஸ்தாரர் தன் செலவில் மெஷினைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்றுதான் இருக்கும். 'சொல்லும் இடம்' என்பது சென்னையாகவும் இருக்கலாம். இதை "லீஸ்தாரரின் பட்டறையிலேயே ஒப்படைப்பு" என்று மாற்றக் கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் "கோயம்புத்தூர் எல்லைக்குள்" என்றாவது வரையறுத்து, செலவுக்கு ஓர் உச்சத் தொகை போடுங்கள்.

இந்த ஒரு வரி இறக்குக்கூலியை மிச்சப்படுத்துவதோடு நிற்காது. மெஷினை மலையிறக்குவது கம்பெனியின் செலவு என்றானால், கடைசியில் அதை உங்களிடமே குறைந்த விலைக்கு விட்டுவிட அவர்களுக்கே விருப்பம் வரும். உங்கள் செலவு என்றானால், உங்களுக்கு வேறு வழியில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். கணக்கு 8-ஆம் படியில் வருகிறது.

5. காகிதங்களும் முன்செலவும்

கேட்கப்படும் ஆவணங்கள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: பான், ஆதார், உத்யம் பதிவு, ஜிஎஸ்டி சான்றும் ரிட்டர்ன்களும், ஓராண்டு வங்கி ஸ்டேட்மெண்ட், இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, பட்டறையின் மின் கட்டண ரசீது, சொந்தக் கட்டடமானால் சொத்துவரி ரசீது, வாடகைக் கட்டடமானால் வாடகை ஒப்பந்தம்.

வாடகைக் கட்டடத்தில் இருப்பவர்களிடம் கூடுதலாகக் கட்டட உரிமையாளரின் கடிதம் கேட்பார்கள். பட்டறை வாடகை பாக்கி இருந்தாலும் லீஸ் மெஷினைப் பிடித்து வைக்க மாட்டேன் என்பதே அதன் சாரம். உரிமையாளர் வெளியூரில் இருந்தால் இதற்கே நாள் பிடிக்கும், முதலில் இதைத் தொடங்குங்கள். வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான் என்றால், 36 மாத லீஸுக்குப் புதுப்பிப்பு உறுதி கேட்பார்கள்.

முன்செலவில் வருபவை: டெபாசிட், ப்ராசஸிங் ஃபீஸ், முத்திரைத்தாள், முதல் ஆண்டு இன்ஷூரன்ஸ், முன்பண வாடகையானால் முதல் மாத வாடகை. மெஷினை மலையேற்றி இறக்கி நிறுத்தும் செலவு கொட்டேஷனில் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். மெஷின் விற்பவரின் விலை பெரும்பாலும் தொழிற்சாலை வாசலோடு முடிந்துவிடும். அடித்தளம் போடுவதும், மும்முனை மின்சார லோடு ஏற்றுவதும், சர்வோ ஸ்டெபிலைசரும் உங்கள் செலவே.

மாவட்டத் தொழில் மையம் வழியாக மூலதன மானியம் வரும் என்று எண்ணியிருந்தால், உங்கள் பெயரில் இல்லாத மெஷினுக்கு அது பொருந்துமா என்று கையெழுத்துக்கு முன் அங்கே கேட்டுவிடுங்கள். பின்னால் தெரிந்தால் லீஸைக் கடனாக மாற்ற முடியாது.

இன்ஷூரன்ஸில் பணம் பெறுபவராகக் கம்பெனியின் பெயர் இருக்கும், அது வழக்கம். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. வெள்ளமும் மண்சரிவும் பாலிசியில் சேர்ந்திருக்கின்றனவா? மெஷின் பழுதுக்குத் தனிப் பாலிசி எடுக்கிறீர்களா? தீ இன்ஷூரன்ஸ் உள்பழுதுக்குப் பணம் தராது. லீஸின் நடுவில் மெஷின் முழுதும் அழிந்தால் பாக்கி எவ்வளவு என்ற மாதவாரி அட்டவணையையும் ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். பாதியில் முடிக்க நேர்ந்தாலும் அதே அட்டவணை உதவும். அது இல்லாவிட்டால் மீதி வாடகை முழுவதையும், எஞ்சிய மதிப்பையும் வட்டி கழிக்காமல் கேட்க அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும்.

6. மெஷின் வந்த அன்றே ஏற்புச் சான்றில் கையெழுத்துப் போடாதீர்கள்

லீஸ் காலம் ஓடத் தொடங்கும் நாள் ஏற்புச் சான்றில் நீங்கள் கையெழுத்திடும் நாள். அதன் பிறகு மெஷின் ஓடாவிட்டாலும் வாடகை ஓடும். "மெஷினில் குறை என்றால் விற்றவரிடம் கேளுங்கள், வாடகையை நிறுத்தக் கூடாது" என்ற விதி ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் உண்டு.

மெஷின் இறங்கி, லெவல் பார்த்து, லோடு ஏறி, உங்கள் சொந்த ஜாப் ஒன்றை ஓட்டி அளவு சரியாக வந்த பிறகு கையெழுத்திடுங்கள். தயாரிப்பாளர் தரும் துல்லியச் சோதனைத் தாளில் ஸ்பிண்டில் ஓட்டமும் அச்சுகளின் அளவுகளும் எண்களாக இருக்கும். அந்தத் தாளின் நகலையும், வழித்தடங்கள், டரெட், மின்பெட்டியின் உட்புறம் ஆகியவற்றின் தேதியிட்ட படங்களையும் ஏற்புச் சான்றோடு சேர்த்துவிடுங்கள். மூன்று ஆண்டு கழித்துச் 'சாதாரணத் தேய்மானம்' எது, 'சேதம்' எது என்ற வாக்குவாதம் வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் இதுதான்.

மலை மூடுபனியில் நிற்கும் மெஷினுக்கு இந்த வாக்குவாதம் பெரும்பாலும் துருவைப் பற்றியே வரும். வழித்தட எண்ணெய் டாங்க் காலியாகாமல் பார்ப்பது, பல நாள் ஓட்டாதபோது துடைத்து எண்ணெய் தடவி வைப்பது, மின்பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளை மாற்றுவது: எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியின் பேட்டரியைத் தயாரிப்பாளர் சொன்ன காலத்தில், மின்சாரம் இருக்கும்போதே மாற்றுங்கள். அது செத்துப்போனால் பாராமீட்டர்கள் அழிந்துவிடும். ஆளை வரவழைத்து மீண்டும் ஏற்றும் வரை, நல்ல மெஷினும் ஒப்படைப்பு நாளில் ஓடாத மெஷின்தான். பாராமீட்டர்களின் நகலை முதல் வாரத்திலேயே தனி பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

7. நோட்டீஸ் நாளை இப்போதே குறியுங்கள்

பலரும் பணம் இழப்பது இங்கேதான். லீஸ் முடியும் தேதிக்கு 90 நாள் முன்பு, சில ஒப்பந்தங்களில் 180 நாள் முன்பு, என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் லீஸ் தானாகவே ஆறு மாதமோ ஓராண்டோ நீளும், அதே வாடகையில். நம் உதாரணத்தில் ஆறு மாதம் என்றால் ரூ.2,01,714, வரி தனி. எஞ்சிய மதிப்பு நீங்கலாக மெஷினின் விலையை வட்டியோடு ஏற்கனவே கட்டி முடித்த பிறகு போகும் பணம் இது.

ஏற்புச் சான்று தேதி 2026 பிப்ரவரி 10 என்றால் லீஸ் 2029 பிப்ரவரி 9-ஆம் தேதி முடியும். 90 நாள் பின்னால் போனால் 2028 நவம்பர் 11. தபால் தாமதத்துக்கும் இடம் விட்டு அக்டோபர் முதல் வாரத்தில் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் 'நோட்டீஸ்' என்ற தலைப்பில் உள்ள முகவரிக்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம், அதே கடிதம் ஈமெயிலில். உள்ளூர் கிளையில் வாயால் சொன்னது நோட்டீஸ் ஆகாது.

தேதியைத் தேர்ந்தெடுப்பதிலும் மலைக் கணக்கு உண்டு. 36 மாத லீஸ் தொடங்கிய மாதத்திலேயே முடியும். நவம்பரில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை நடுவில் மேட்டுப்பாளையம் பாதையில் மெஷினை இறக்க வேண்டிவரும். மண்சரிவில் பாதை மூடினால் ஒப்படைப்புத் தள்ளிப்போகும், தள்ளிப்போன நாளுக்கும் வாடகை கேட்பார்கள். கூடலூர்ப் பக்கத்தில் அதே சிக்கல் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஏப்ரல், மே சீசனில் மலைப்பாதையில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வரும். பிப்ரவரி, மார்ச் மாதங்களே தோதானவை. வேறு மாதத்தில்தான் தொடங்க முடியும் என்றால் 36-ஐ 39 ஆக்கக் கேளுங்கள், அல்லது "பாதை மூடிய நாட்களுக்கு வாடகை இல்லை" என்று எழுதச் சொல்லுங்கள்.

8. 30-ஆம் மாதத்தில் உட்கார்ந்து போடும் கணக்கு

வழிகள் மூன்று: திருப்பிக் கொடுப்பது, வாங்குவது, குறைந்த வாடகையில் நீட்டிப்பது. அதே மாடல், அதே வயது மெஷின் கோயம்புத்தூரில் பழைய மெஷின் வியாபாரியிடம் என்ன விலை என்று இரண்டு பேரிடமாவது கேளுங்கள். ரூ.3,80,000 என்று வைப்போம். மலையேற்றக் கூலி ரூ.60,000, இறக்கக் கூலி ரூ.60,000 என்று லாரிக்காரரும் கிரேன்காரரும் சொல்கிறார்கள் என்று வைப்போம். மெஷின் உங்களுக்கு இன்னும் தேவை.

இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே போன்ற ஒன்றை வாங்கினால் இறக்க 60,000, வாங்க 3,80,000, ஏற்ற 60,000, ஆக ரூ.5,00,000. நிலையான எஞ்சிய மதிப்பு ரூ.3,60,000 என்று எழுதி வாங்கியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். டெபாசிட் ரூ.1,20,000 கழிந்து, ரூ.3,60,000 மீதான 18 சதவீதம் ரூ.64,800 சேர்ந்து, கையிலிருந்து போவது ரூ.3,04,800. வரிப் பகுதியை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம்.

சந்தை விலை முறையில் கம்பெனி ரூ.4,50,000 கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூ.5,00,000 வரை கொடுத்தாலும் உங்களுக்கு நட்டமில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். அவர்களுக்கு யார்டில் கிடைப்பதோ ரூ.3,80,000-தான். இறக்கக் கூலி அவர்கள் தலையில் என்று 4-ஆம் படியில் மாற்றியிருந்தால் அவர்களுக்குக் கிடைப்பது ரூ.3,20,000, உங்கள் மாற்றுவழியின் செலவும் ரூ.4,40,000-ஆகக் குறைந்துவிடும். பேச்சுவார்த்தை முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான். 3,20,000-இலிருந்து பேசத் தொடங்கலாம்.

நீட்டிப்பில் வாடகை பழையதில் கால் பங்கு என்று வைத்தால் மாதம் ரூ.8,405, ஆண்டுக்கு சுமார் ரூ.1,00,860. ஓராண்டுக்குள் பெரிய மெஷினுக்கு மாறப்போகிறீர்கள் என்றால் இது சரி. அதற்கு மேல் ஓட்டுவதானால், மூன்றரை ஆண்டில் வாங்கும் விலையை வாடகையாகவே கொடுத்திருப்பீர்கள், மெஷின் அப்போதும் உங்களுடையதல்ல. நீட்டிக்கும்போது, கட்டும் வாடகையில் ஒரு பகுதியைப் பிறகு வாங்கும் விலையில் கழிப்பார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

திருப்பித்தான் கொடுக்கிறீர்கள் என்றால், மெஷினைக் கழற்றுவதற்கு முன், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பெனி ஆளை வரவழைத்துச் சேர்ந்து பரிசோதித்துக் கையெழுத்து வாங்குங்கள். முதல் நாள் துல்லியத் தாளையும் பராமரிப்பு நோட்டையும் மேசையில் வையுங்கள். யார்டில் இறங்கிய பிறகு கண்டுபிடிக்கும் குறை வழியில் வந்ததா, உங்களிடம் வந்ததா என்று நிரூபிக்க முடியாது. மேனுவல்கள், சாவிகள், சக் ஜாக்கள், பாராமீட்டர் நகல் எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒப்படையுங்கள். ஒன்று குறைந்தாலும் டெபாசிட்டில் பிடிப்பார்கள். விற்பனை இல்லாத நகர்வு என்பதால் டெலிவரி சலானும் இ-வே பில்லும் வேண்டும். இவற்றை யார் எடுப்பது என்று லாரி வரும் முன்பே முடிவு செய்யுங்கள். மலையிறங்கும் வரை இன்ஷூரன்ஸ் யார் பெயரில் என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

9. முடித்த பிறகு கையில் இருக்க வேண்டியவை

பாக்கி இல்லை என்ற சான்று. வாங்கியிருந்தால் உங்கள் பெயருக்கு வரி இன்வாய்ஸ், அதில் மெஷின் சீரியல் எண். திருப்பியிருந்தால் சேதம் எதுவும் கோரப்படாது என்று குறித்த ஒப்படைப்பு ரசீது. டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நோட்டீஸ் கடிதத்தில் தேதி கேளுங்கள்.

மாத வாடகையைத் தானாகப் பிடிக்க வங்கியில் கொடுத்திருக்கும் உத்தரவை, பாக்கி இல்லை என்ற சான்றைக் காட்டி ரத்து செய்யுங்கள். 37-ஆம் மாத வாடகை கணக்கிலிருந்து போய்விட்டால் திரும்ப வாங்க மாதக்கணக்காகும். பின்தேதியிட்ட காசோலைகள் கொடுத்திருந்தால் எண் வாரியாகச் சரிபார்த்துத் திரும்ப வாங்குங்கள். மெஷின் உங்களுடையதாகிவிட்டால் இன்ஷூரன்ஸில் கம்பெனியின் பெயரை நீக்கி உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள். ஆடிட்டரிடம் இன்வாய்ஸைக் கொடுத்துச் சொத்துப் பட்டியலில் ஏற்றச் சொல்லுங்கள். தேய்மானம் அன்றிலிருந்து உங்கள் கணக்கில் வரும்.